போகி இரவில் ஒரு வாழ்த்து

திருமணத்துக்குப் பின் முதல் பொங்கல். மனைவி தஞ்சாவூரில், விடுப்பு கிடைக்காத கணவர் பெங்களூரில். தை முதல் நாள் காலையில் கோலம், அடுப்பு, படையல் என்று அவருக்குக் கை ஓயாது. அதனால் வாழ்த்து போகி இரவே போய்ச் சேர்வது நல்லது.

எல்லோருக்கும் அனுப்பும் கரும்புப் படம் இங்கே போதாது.

“கண்ணம்மா, நாளைக்குப் பானையில மஞ்சக்கொத்து கட்டும்போது பக்கத்துல இல்லையேன்னு மனசு கிடந்து தவிக்குது. பால் பொங்குறப்போ போன் பண்ணு, நானும் சேர்ந்து ‘பொங்கலோ பொங்கல்’ சொல்றேன். இங்க சங்கராந்திக்கு எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை கலந்து தருவாங்க. உன் பங்கை எடுத்து வைக்கிறேன்.”

ஏக்கம் ஒரு வரியோடு நிற்கிறது. நீண்டால் பண்டிகை நாளில் அவரை அழவைத்துவிடும். அடுத்த வரிகள் இருவரும் சேர்ந்து செய்ய ஒன்றையும், காத்திருக்க ஒன்றையும் தருகின்றன. ஊருக்கு வரும் தேதி உறுதியாகாதவரை அதை எழுதாமல் விடலாம்.