அனுப்பிய காப்பீட்டுத் தொகை திரும்பிச் சென்றால்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின், செலவுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக் காத்திருக்கும் குடும்பங்கள் பல. சில நாட்களில் ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் வங்கிக்குச் சென்று பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால் வரவு எதுவும் இல்லை. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். நிறுவனம் பணத்தை அனுப்பியிருக்கும். அதன் கோப்பில் இருந்த வங்கி விவரம் பழையதாகிவிட்டதால் அத்தொகை புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கும். இப்படி நேர்வது அரிதன்று.

முதலில் ஒரு தெளிவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றோருக்கு இச்சிக்கல் எழாது. அத்திட்டத்தில் தொகை நேரே மருத்துவமனைக்குச் செல்கிறது. நோயாளியின் வங்கிக் கணக்கு அதில் குறுக்கிடுவதில்லை. சொந்தமாகப் பாலிசி எடுத்து, மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டி, பின்னர் அதைத் திரும்பப் பெறுவோருக்கும், ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் தொகையைப் பெறும் வாரிசுதாரர்களுக்குமே இக்கட்டுரை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். புதூர்நாட்டைச் சேர்ந்த ஒருவர் 2018-இல் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தார். அப்போது சமவெளியில் வேலை செய்த ஊரில் அவருக்குச் சிண்டிகேட் வங்கியில் கணக்கு இருந்தது. பின்னர் மலைக்கே திரும்பிவிட்டார். குடல்வால் அறுவை சிகிச்சைக்காக மலையிறங்கி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். கட்டணம் 46,800 ரூபாய். கோரிக்கைப் படிவத்துடன் வீட்டிலிருந்த பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்தார். நிறுவனம் 41,250 ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. பணம் மட்டும் வரவில்லை.

காரணம் அந்தப் பாஸ்புக்கிலேயே அச்சாகியிருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைக்கப்பட்டது. கணக்கு எண் மாறவில்லை. ஆனால் கிளையைக் குறிக்கும் பதினோரு இடங்கள் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது. SYNB என்று தொடங்கிய பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின. புதிய குறியீடு CNRB என்று தொடங்கும். பழைய எண்ணுடன் பத்தாயிரம் கூட்டப்பட்டிருக்கும். SYNB0001234 என்றிருந்தது CNRB0011234 என்று ஆகும். பழைய பாஸ்புக்கின் அட்டையைப் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

சிண்டிகேட் வங்கி ஒன்று மட்டுமன்று. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தன. 2020-இல் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் இணைந்தன. கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியுடன் சேர்ந்தது. பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் 2019-இல் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. இவற்றுள் ஒன்றின் பழைய பெயர் உங்கள் பாஸ்புக்கில் இருந்தால், அந்தப் பாஸ்புக்கை எந்தக் கோரிக்கையுடனும் இணைக்க வேண்டாம். கிளைக்குச் சென்று புதியதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வங்கி மாறாதிருந்தும் தொகை திரும்பும் வேறு காரணங்கள் உண்டு. கணக்கு மூடப்பட்டிருக்கலாம். அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்காததால் கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். மலைப் பகுதியினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ‘சிறு கணக்கு’ என்ற வகை. உரிய அடையாள ஆவணம் இல்லாமல், புகைப்படமும் கையொப்பமோ கைரேகையோ மட்டும் கொடுத்துத் தொடங்கப்படும் கணக்கு இது. இதில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓராண்டில் வரவு ஒரு இலட்சத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுத் தொகை இத்தகைய கணக்குக்கு வந்தால் அது தங்காது. ஆதாரைக் கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிய பின்னரே அதன் எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தர வேண்டும். உங்கள் கணக்கு எவ்வகை என்பதைக் கிளையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

தொகை வரவில்லை என்றதும் செய்ய வேண்டியது ஒரே ஒரு கேள்வி. காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்து, கோரிக்கை எண்ணைச் சொல்லி, ‘பணம் அனுப்பியதற்கான யூ.டி.ஆர். எண் என்ன, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?’ என்று கேளுங்கள். யூ.டி.ஆர். என்பது ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் உரிய அடையாள எண். அந்த எண்ணே இல்லை என்றால் பணம் புறப்படவே இல்லை எனக் கொள்ளலாம். குறியீடு செல்லாததாகியிருப்பது அதற்கு ஒரு காரணம். எண் இருந்து, திரும்பிவிட்டது என்றும் சொன்னால், பணத்தைப் பெற வேண்டிய வங்கி அதை ஏற்கவில்லை. காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இருந்து, திரும்பவும் இல்லை என்றால் நிலைமை வேறு. இப்பரிமாற்றத்தில் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே நம்பி வரவு வைப்பது வழக்கம். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். அப்போது அன்றே உங்கள் வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் வந்தவருக்கு நிறுவனம் தகவல் அனுப்பாமல் இருக்கவில்லை. ஆனால் பாலிசியில் இருந்த கைப்பேசி எண்ணும் பழையது. கடிதமோ பழைய முகவரிக்குச் சென்றது. திரும்பிய தொகை தானாக மறுமுறை வராது. புதிய விவரம் கிடைக்கும் வரை அது நிறுவனத்திடமே கிடக்கும்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியத்தைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனைக்கு மீண்டும் வந்து பில்களின் நகல்களைக் கேட்டு, புதிதாக ஒரு கோரிக்கையைத் தாக்கல் செய்கின்றனர். அதற்குத் தேவையில்லை, ஒரே சிகிச்சைக்கு இரண்டாம் கோரிக்கை என்று அது நிறுத்தி வைக்கப்படவும் கூடும். கோரிக்கை ஏற்கனவே முடிவாகிவிட்டது. மாற வேண்டியது வங்கி விவரம் மட்டுமே. மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசை அந்த விவரத்தைத் திருத்தித் தரவும் இயலாது. அது பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது.

அனுப்ப வேண்டியவை மூன்று. முதலாவது, நிறுவனத்தின் மின்னணுப் பணப் பரிமாற்ற ஒப்புதல் படிவம். நெஃப்ட் படிவம் என்று கேட்டால் தருவார்கள். இரண்டாவது, பெயர் அச்சிடப்பட்ட ரத்துசெய்த காசோலை. காசோலைப் புத்தகம் இல்லாதவர்கள் பாஸ்புக்கின் முதல் பக்க நகலை வைக்கலாம். பெயர், கணக்கு எண், குறியீடு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். கிளை முத்திரையும் இருந்தால் கேள்வி எழாது. மூன்றாவது, அடையாளச் சான்றும் பான் எண்ணும். குறியீட்டைக் கையால் எழுதும்போது ஐந்தாம் இடத்தில் வருவது சுழியம், ஆங்கில எழுத்தன்று என்பதை நினைவிற்கொள்க. கிளையின் பெயரை எழுதும்போதும் மாவட்டத்தைச் சேர்த்தே எழுதுங்கள். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது.

இணைப்புக் கடிதம் நீளமாக வேண்டியதில்லை. ‘இன்ன எண்ணுள்ள பாலிசியின் கீழ் இன்ன எண்ணுள்ள கோரிக்கைக்கு ஒப்புதலான தொகை, இன்ன தேதியில் அனுப்பப்பட்டு, வங்கி விவரம் பழையதாக இருந்ததால் திரும்பியதாக அறிகிறேன். புதிய விவரத்தை இணைத்துள்ளேன். இக்கோரிக்கைக்கான தொகையை இக்கணக்குக்கு அனுப்புவதுடன், பாலிசிப் பதிவிலும் வங்கி விவரம், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றை மாற்றித் தர வேண்டுகிறேன்’ என்ற அளவு போதும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கோரிக்கைக் கோப்பும் பாலிசிப் பதிவும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தும் என்று நம்ப முடியாது. அடுத்த முறை சிகிச்சை பெறும்போது அதே பழைய கணக்கு மீண்டும் தலைகாட்டும். வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்பீடாக இருந்தால் முதலாளியின் அலுவலகத்திலும் ஒரு பதிவு இருக்கும். அங்கும் சொல்ல வேண்டும்.

கணக்கு யாருடையது என்பதில் நிறுவனங்கள் கண்டிப்பானவை. தொகை பாலிசிதாரரின் பெயரிலுள்ள கணக்குக்கே செல்லும். அவர் இறந்திருந்தால் நியமனதாரரின் கணக்குக்கு. மலையிலிருந்து இறங்க இயலாத முதியவர், மகனின் கணக்கைக் கொடுத்தால் எளிது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தப் படிவம் திரும்பியே வரும். பாலிசியில் ஒரு விதமாகவும் பாஸ்புக்கில் வேறு விதமாகவும் பெயர் இருந்தாலும் தடை எழும். முன்னெழுத்து விடுபட்டிருப்பது போன்ற சிறு வேறுபாடு என்றால் இரண்டும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் கேட்பார்கள். இதையெல்லாம் ஒரே பயணத்தில் முடிக்க விரும்புவோர், புறப்படுமுன் பாலிசியையும் பாஸ்புக்கையும் ஆதாரையும் அருகருகே வைத்து மூன்றிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு இரண்டாம் பயணம் பெருஞ்செலவு.

படிவத்தைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகையைக் கட்டாயம் பெறுங்கள். சில நிறுவனங்கள் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்கைச் சரிபார்க்கும். பாஸ்புக்கில் ஒரு ரூபாய் வரவு கண்டால் வியப்படைய வேண்டாம். அதன் பின்னும் நிறுவனம் காலம் தாழ்த்தினால், வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் வட்டி சேர்த்துத் தர விதி உண்டு. சரியான விவரம் எந்த நாளில் நிறுவனத்தின் கைக்கு வந்தது என்பதை நிறுவ அந்த ஒப்புகையே சான்று.

இவ்வேளையில் ‘தேங்கிய தொகையை விடுவிக்கிறோம், கட்டணம் செலுத்துங்கள்’ என்றோ, கைப்பேசிக்கு வந்த ஒருமுறை கடவு எண்ணைச் சொல்லுங்கள் என்றோ எவரேனும் அழைத்தால் அது மோசடி. வங்கி விவரத்தை மாற்றக் கட்டணம் இல்லை.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியும் பயனில்லை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் புகார் பதிவு செய்யலாம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் கடந்தும் விடை வராவிட்டால், அல்லது வந்த விடை ஏற்புடையதாக இல்லாவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஏற்கப்பட்டு வராமலே போன தொகையையும் கைவிட வேண்டாம். பெறப்படாத தொகைகளைத் தேடிப் பார்க்கும் பகுதி ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்க வேண்டும். பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் தேடலாம். பத்து ஆண்டுகள் கடந்த தொகைகள் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படுகின்றன. அங்கே சென்ற பின்னும், மாற்றப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்குள் உரியவரோ வாரிசுகளோ அதே நிறுவனத்தின் வழியாகக் கோரிப் பெறலாம்.