22 கோடி எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூர்ப் பக்கம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலையும் தொகைகளும் கற்பனை. கணக்கு எழுதும் முறை மட்டும் உண்மை. 2024 ஏப்ரல் 1 அன்று அதன் பங்குதாரர்களுக்கு உரிய தொகை, அதாவது சொத்திலிருந்து கடன்களைக் கழித்த மீதி, 53 கோடி ரூபாய். அடுத்த மார்ச் 31 அன்று 75 கோடி. ஒரே ஆண்டில் 22 கோடி கூடியிருக்கிறது. ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் இந்த வளர்ச்சி கொட்டை எழுத்தில் வரும். ஆனால் இலாப நட்டக் கணக்கைப் புரட்டினால் அந்த ஆண்டின் நிகர இலாபம் வெறும் 6 கோடி. மீதி 16 கோடி எப்படி வந்தது?

இதற்குப் பதில் சொல்லும் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆண்டறிக்கையில் நிதிநிலைக் கணக்குகளோடு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் சேஞ்சஸ் இன் ஈக்விட்டி’ என்ற தலைப்பில் ஒரு அகலமான அட்டவணை இருக்கும். பங்குதாரர் மூலதன மாற்ற அறிக்கை என்று அதைச் சொல்லலாம். ‘இண்ட் ஏஎஸ்’ கணக்கீட்டுத் தரங்களைப் பின்பற்றும் நிறுவனங்கள் இதைக் கட்டாயம் தர வேண்டும். சட்டப்படியான படிவத்தில் பங்கு மூலதனம் தனியாகவும் மற்றவை தனியாகவும் இரு பகுதிகளாக வரும். வசதிக்காக இரண்டையும் சேர்த்து, நம் ஆலையின் அட்டவணையைக் கோடி ரூபாயில் தருகிறேன்.

| விவரம் | பங்கு மூலதனம் | பங்கு முனைமம் | பிடித்துவைத்த இலாபம் | மறுமதிப்பீட்டுக் காப்பு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 10 | 5 | 30 | 8 | 53 |
| ஆண்டின் நிகர இலாபம் | – | – | 6 | – | 6 |
| நில மறுமதிப்பீடு (வரி நீக்கி) | – | – | – | 6 | 6 |
| ஈவுத்தொகை | – | – | (2) | – | (2) |
| புதிய பங்கு வெளியீடு | 2 | 10 | – | – | 12 |
| காப்பிலிருந்து மாற்றம் | – | – | 0.4 | (0.4) | 0 |
| இறுதி இருப்பு | 12 | 15 | 34.4 | 13.6 | 75 |

அடைப்புக்குள் இருப்பவை கழிவுகள். கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்: ஈவுத்தொகை போக ஆலை தன் தொழிலில் ஈட்டிச் சேர்த்தது 4 கோடி. பங்குதாரர்கள் புதிதாகப் போட்ட பணம் 12 கோடி. நிலத்தின் மதிப்பைக் கூட்டி எழுதியதால் வந்தது 6 கோடி. மூன்றையும் கூட்டினால்தான் 22.

ஈவுத்தொகை வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆலையிடம் இருந்த ஒரு கோடிப் பங்குகளுக்குத் தலா 2 ரூபாய் என்று கொடுத்த 2 கோடி, இந்த ஆண்டின் இலாபத்துக்கானது அல்ல. சென்ற ஆண்டுக்காக இயக்குநர்கள் பரிந்துரைத்து, இந்த ஆண்டு நடந்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தந்தது. ஒப்புதல் கிடைக்கும்வரை இறுதி ஈவுத்தொகை கணக்கில் ஏறாது. இந்த ஆண்டுக்குப் பரிந்துரைத்திருப்பது குறிப்புகளில் மட்டும் இருக்கும், அட்டவணையில் அடுத்த ஆண்டுதான் தலைகாட்டும். ஆகவே 6 கோடி இலாபத்தில் 2 கோடியைப் பங்கிட்டார்கள் என்று இந்த இரண்டு வரிகளையும் ஒப்பிடுவது தவறான கணக்கு.

பங்கு வெளியீடு எளிது. 10 ரூபாய் முகமதிப்புள்ள 20 லட்சம் உரிமைப் பங்குகளைத் தலா 60 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். முகமதிப்பான 2 கோடி பங்கு மூலதனத்தில் சேர்ந்தது, பங்குக்கு 50 ரூபாய் வீதம் மிகுந்த 10 கோடி முனைமத்தில் சேர்ந்தது. முனைமத்தைக் கொண்டு போனஸ் பங்கு தரலாம், ஈவுத்தொகை தர முடியாது. நிறுவனங்கள் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு எல்லை வகுத்திருக்கிறது.

நின்று பார்க்க வேண்டிய இடம் மறுமதிப்பீட்டுப் பத்திதான். ஆலையின் நிலம் கணக்கில் 15 கோடி என்று இருந்தது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து 22 கோடி பெறும் என்றார். கூடிய 7 கோடியில், நிலத்தை விற்கும்போது வரக்கூடிய வரிக்கென்று 1 கோடியை ஒதுக்கிவிட்டு, 6 கோடியைக் காப்பில் வைத்தார்கள். இது நிகர இலாபத்தில் சேராமல், இலாப நட்டக் கணக்கின் அடியில் வரும் ‘இதர முழுமை வருமானம்’ என்ற பகுதி வழியாக நேரே காப்புக்குப் போகிறது. நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை.

இறக்கத்துக்கு விதி வேறு. நாளைக்கு அதே நிலத்தின் மதிப்பு விழுந்தால், முதலில் அந்த நிலத்துக்காகச் சேர்ந்த காப்பு கரையும். அதற்கும் மேல் விழும் தொகை இலாபத்தையே குறைக்கும். ஏற்றம் இலாபத்தைத் தொடாது, இறக்கம் தொடும். எச்சரிக்கையான விதி, எனக்குப் பிடித்த விதியும்கூட.

சிறிய தொகையாக நிற்கும் அந்த 0.4 கோடி மாற்றத்தையும் பார்த்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஆலைக் கட்டடத்தையும் மறுமதிப்பீடு செய்திருந்தார்கள், தொடக்கத்தில் இருந்த 8 கோடி அதில் வந்ததுதான். மதிப்பு கூடினால் அதன்மேல் போடும் தேய்மானமும் கூடும், அந்த அளவு இலாபம் குறையும். அப்படிக் கூடுதலாகப் போன தேய்மானத்துக்கு ஈடாக, வரி நீங்கலாக, காப்பிலிருந்து பிடித்துவைத்த இலாபத்துக்கு ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளத் தரம் அனுமதிக்கிறது. ஒரு பத்தியில் குறைந்து மறு பத்தியில் கூடுவதால் மொத்தம் மாறாது. நிலத்தையே ஒருநாள் விற்றாலும் அதற்கான காப்பு இப்படித்தான் பிடித்துவைத்த இலாபத்துக்கு நேராகப் போகும், நிகர இலாபத்தில் அது ஒருபோதும் தெரியாது. பிடித்துவைத்த இலாபம் திடீரென்று பெருத்திருந்தால் அதற்குத் தொழில்தான் காரணமா என்று இந்த வரியில்தான் பார்க்க வேண்டும்.

மறுமதிப்பீடு செய்வது குற்றமல்ல. முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய விலையிலேயே நிலத்தைக் காட்டிக்கொண்டிருப்பதும் பொய்ச் சித்திரம்தான். ஆனால் அதை எந்த ஆண்டில் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஆலைக்கு 75 கோடி கடன் இருப்பதாகக் கொண்டால், 75 கோடி சொந்த நிதிக்கு அது ஒன்றுக்கு ஒன்று என அழகாகத் தெரியும். 13.6 கோடி காப்பை நீக்கினால் சொந்த நிதி 61.4 கோடியாகி, விகிதம் 1.22 ஆகிறது. புதுக் கடன் கேட்கப் போகும் ஆண்டில் நிலத்தின் மதிப்பு கூடினால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இந்த அட்டவணையைச் சரிபார்க்க ரொக்க ஓட்ட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு வெளியீட்டில் வந்த 12 கோடியும் ஈவுத்தொகையாகப் போன 2 கோடியும் அங்கே நிதி நடவடிக்கைகளின் கீழ் அதே தொகையில் நிற்க வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு அங்கே இடமே இருக்காது. முதல் வரியையும் விடாதீர்கள்: தொடக்க இருப்பு சென்ற ஆண்டின் இறுதி இருப்போடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் ‘திருத்தப்பட்ட இருப்பு’ என்றொரு வரி முளைத்திருந்தால், பழைய கணக்கில் பிழை கண்டுபிடித்திருக்கிறார்கள் அல்லது கணக்கீட்டுக் கொள்கையை மாற்றியிருக்கிறார்கள். காரணம் குறிப்புகளில் இருக்கும்.

மறுமதிப்பீட்டுக் காப்பைச் சட்டமும் தள்ளியே வைத்திருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 123ஆம் பிரிவின்படி, ஈவுத்தொகைக்கான இலாபத்தைக் கணக்கிடும்போது மறுமதிப்பீட்டில் வந்ததைச் சேர்க்கக் கூடாது. 63ஆம் பிரிவின்படி அந்தக் காப்பிலிருந்து போனஸ் பங்கும் தர முடியாது. நிகர மதிப்பு என்றால் என்ன என்று வரையறுக்கும் 2(57) பிரிவும் அதை விலக்குகிறது. அந்த வரையறைப்படி நம் ஆலையின் நிகர மதிப்பு 75 கோடி அல்ல, 61.4 கோடி.