தோண்டாத குளத்தில் அந்தி வெயில்

சுற்றுலா பிரோஷரில் நாம் ரசிக்கும் ரிசார்ட் குளம், பல நேரம் இன்னும் தோண்டவே படாத குளம். கட்டடம் எழும்பும் முன்பே விளம்பரம் தொடங்கிவிடுவதால், வரைபடத்தை வைத்துக் கணினியில் 3டி மாதிரி அமைத்து, ஒளி கொடுத்து, படமாக்கிவிடுகிறார்கள். இதற்கு ரெண்டர் என்று பெயர். சுவரையும் கூரையையும் காட்டுவது பெரிய வித்தையில்லை. ஆளைக் காட்டிக் கொடுப்பது தண்ணீர்தான்.

மாலத்தீவில் மேற்கு பார்த்த ஒரு வில்லா என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளக் குளம், எதிர்க்கரையில் லவுஞ்சர்கள், அதற்கப்பால் கடலில் இறங்கும் சூரியன். கேமரா இந்தக் கரையில், நீர்மட்டத்துக்கு 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலடிக்கு இரண்டு மீட்டர் தள்ளியுள்ள நீர், தன்மேல் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் நம் பக்கம் திருப்பும். அதனால் அங்கே அடித்தள டைல்ஸ் தெரியும். எதிர்க்கரையோரம் பார்வை நீரைச் சாய்வாகத் தொடுவதால் அதே தண்ணீர் 45 சதவீதம் வரை பிரதிபலிக்கும். வானத்தின் செம்மை அங்கேதான் படியும். கேமராவை 60 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அந்த அளவு 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். வண்ணத்தைக் கூட்டச் சொல்லி வாடிக்கையாளர் நச்சரித்தால், அனுபவசாலி கேமராவைத்தான் கீழே இறக்குவார்.

அவசரக்காரர்கள் கரையிலுள்ள லவுஞ்சரை அப்படியே நகலெடுத்துத் தலைகீழாக ஒட்டிவிடுவார்கள். நிஜத் தண்ணீர் அப்படிக் காட்டாது. நீரில் தெரிவது, குளத்துக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும் காட்சி. கரை நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் இருந்து, லவுஞ்சர் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், அதன் கால்களில் கீழ்ப்பகுதி 15 சென்டிமீட்டர் பிரதிபலிப்பில் மறைந்துபோகும். மூன்று மீட்டர் தள்ளிப் போட்டால் படுக்கும் பகுதியே தெரியாது. நிமிர்த்திவைத்த முதுகுச் சாய்வின் மேல்பகுதி மட்டும் எட்டிப்பார்க்கும்.

அலையிலும் கோட்டை விடுவதுண்டு. கடலுக்கென்று மென்பொருளில் தயாராக இருக்கும் அலையைக் குளத்தில் விட்டால், வில்லா பொம்மை வீடாகிவிடும். குளத்துக்குச் சில மில்லிமீட்டர் உயரச் சிற்றலை போதும். சூரியனின் பிம்பம் அதில் வட்டமாக நிற்காமல், நம்மை நோக்கி நீண்ட ஒளிப்பட்டையாக உடையும். வானம் செக்கச்செவேல் என்றிருக்க, நீரில் மட்டும் பகல் நீலம் தெரிந்தால், வானத்தைப் பிறகு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் திசை தவறக்கூடாது. நம் ஈசிஆர் ரிசார்ட்டுகளுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே கடல்மேல் சூரியனைக் காட்டினால் அது உதயம். லவுஞ்சரில் ஜூஸ் டம்ளரோடு சாய்ந்திருப்பவர் காலை ஆறு மணிக்கே இடம் பிடித்துவிட்டார் போலிருக்கிறது.