சுழற் குலங்களின் நேர்பெருக்கம்

ஒரே உறுப்பால் முழுவதும் பிறப்பிக்கப்படும் குலம் சுழற் குலம் எனப்படும். m, n வரிசையுடைய Z_m, Z_n என்ற சுழற் குலங்களின் நேர்பெருக்கம் Z_m × Z_n சுழற் குலமாக இருப்பதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை, m, n சார்பகா எண்களாக இருப்பதே.

(1,1) என்ற உறுப்பை k முறை கூட்டினால் (0,0) கிடைக்க, k ஆனது m, n இரண்டாலும் வகுபட வேண்டும். அத்தகைய மிகச்சிறிய k அவற்றின் மீச்சிறு பொது மடங்கு. m, n சார்பகா எண்கள் எனில் அது mn; குலத்திலுள்ள உறுப்புகளும் mn. ஆகவே (1,1) ஒரு பிறப்பாக்கி.

Z_3 × Z_4 இல் (1,1) ஐத் தொடர்ந்து கூட்டிப் பார்க்கலாம்:

(0,0), (1,1), (2,2), (0,3), (1,0), (2,1), (0,2), (1,3), (2,0), (0,1), (1,2), (2,3).

பன்னிரண்டும் வந்துவிட்டன; அடுத்தது மீண்டும் (0,0). எனினும் எல்லா உறுப்பும் பிறப்பாக்கி அல்ல. Z_4 இல் 2 இன் வரிசை 2 என்பதால் (1,2) இன் வரிசை 6 மட்டுமே.

Z_2 × Z_6 குலத்திலும் 12 உறுப்புகளே. ஆனால் இங்கு (1,1) ஆறாம் முறையிலேயே (0,0) ஆகிவிடுகிறது. அதைக் கொண்டு மட்டும் இது சுழற் குலமன்று என முடிவுசெய்வது மாணவர்கள் பலர் செய்யும் தவறு. வேறோர் உறுப்பு பிறப்பாக்கியாக இருக்கலாமே! எந்த (a,b) ஐ எடுத்தாலும் 6a இரண்டாலும், 6b ஆறாலும் வகுபடும். எனவே எவ்வுறுப்பின் வரிசையும் 6 ஐத் தாண்டாது. 12 வரிசையுடைய உறுப்பே இல்லை. மீப்பெரு பொது வகுத்தி 1 ஐ விடப் பெரிதாகும்போதெல்லாம் மீச்சிறு பொது மடங்கு mn ஐ விடக் குறைவதால், இதே வாதம் பொருந்தும்.