காதுக்கு எழுதும் உரை

நெல் விவசாயிக்கு விதைத் தேர்வைச் சொல்லித் தரும் மூன்று நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். கையேட்டில் அந்தச் செய்தி இப்படி இருக்கும்: "உப்புக் கரைசலில் மிதக்கும் பதர்களை அகற்றியபின், மூழ்கிய விதைகளை 2-3 முறை நன்னீரில் கழுவிப் பயன்படுத்தவும்." படிப்பவர் புரியாவிட்டால் மீண்டும் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும்.

ஆகவே பின்னணி உரையில் ஒரு வாக்கியத்திற்கு ஒரு செயல் மட்டுமே இருக்க வேண்டும். கை செய்யும் வரிசையிலேயே சொல்லும் வர வேண்டும்.

"வாளியில பத்து லிட்டர் தண்ணி ஊத்துங்க. ஒரு முட்டைய மெதுவா உள்ள விடுங்க. முட்டை அடியில போய்ப் படுக்கணும். மிதந்தா அது பழைய முட்டை. வேற முட்டை எடுங்க."

இந்தக் கடைசி வரி முக்கியமானது. பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். அதை நம்பினால் உப்பு போதாமல் போய், அரைகுறை விதையும் அடியில் தங்கிவிடும். எச்சரிக்கையை உரையின் இறுதியில் தொகுத்துச் சொன்னால் பயனில்லை. தவறு நேரும் இடத்திலேயே சொல்ல வேண்டும்.

"இப்ப கல் உப்பக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்குங்க. முட்டை மேல வரும். முட்டையோட தலை ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிஞ்சா, உப்பு போதும்."

பத்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். ஆனாலும் தராசு இல்லாதவருக்கு முட்டையே அளவுகோல். கண்ணால் பார்த்து அறியும் அடையாளம், எண்ணைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

அடுத்து வருவது கழுவுதல். '2-3 முறை' என்பதிலுள்ள சிறுகோடு காதில் விழாது. எனவே உரை இப்படி அமையும்: "முட்டைய எடுத்துட்டு நெல்லக் கொட்டுங்க. மிதக்குற நெல்ல அள்ளி வெளியே போடுங்க. அடியில இருக்கிறதுதான் விதை. அந்த விதைய நல்ல தண்ணியில கழுவுங்க. தண்ணிய மாத்தி இன்னொரு தடவை கழுவுங்க. மூணாவது தடவையும் கழுவுங்க. உப்பு தங்கினா விதை சரியா முளைக்காது." காரணத்தைச் சொல்லிவிட்டு ஓரிரு விநாடி மௌனம் விட வேண்டும். கழுவும் காட்சி அப்போது தானே பேசும்.

'மேற்கண்ட', 'பின்வரும்' போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. கேட்பவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. 'அதை' என்று சொல்லும் இடத்தில் ஐயம் எழுமானால், 'விதையை' என்று மறுபடியும் பெயரைச் சொல்வதே நல்லது.

படம் பிடிக்கும் முன் ஒரு சோதனை உண்டு. உரையை ஒரு விவசாயிக்குப் படம் இல்லாமல் வாசித்துக் காட்டி, "இனி நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் கழுவுவதைச் சொல்லாமல் விட்டால், பிழை அவருடையதன்று. திருத்த வேண்டியது உரையைத்தான். காகிதத்தில் அந்தத் திருத்தத்திற்குச் சில நிமிடங்கள் போதும். நாற்றங்காலில் முளைக்காத விதைக்கோ ஒரு பருவமே விலையாகிவிடலாம்.