டைட்ரேஷன் வகுப்பைக் கணக்குத் தாளாக்குவது எப்படி?

டைட்ரேஷன் பாடத்தில் ஆசிரியர் சொல்பவை மூன்று வகைப்படும்: மாணவர் ஆய்வகத்தில் அளந்து எழுதுபவை, வேதிவினையால் மாறாமல் இருப்பவை, இவ்விரண்டிலிருந்தும் கணக்கிடப்படுபவை. எக்செல் போன்ற மென்பொருளில் கணக்குத் தாள் அமைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான். முதல் வகைக்கு வண்ணமிட்ட வெற்றுக் கட்டங்கள், இரண்டாவதற்கு முன்பே நிரப்பிய கட்டங்கள், மூன்றாவதற்கு யாரும் கைவைக்காதபடி பூட்டிய சூத்திரங்கள்.

ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். 1.5759 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம் 250 மி.லி. அளவுக் குடுவையில் கரைக்கப்படுகிறது. அதில் 20 மி.லி. பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு மாற்றப்பட்டு, ஓரிரு துளி பினாப்தலீன் சேர்க்கப்படுகிறது. பியூரெட்டிலிருந்து காரம் இறங்க, வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிலைத்தால் அது முடிவுநிலை.

தாளில் B2 எடை, B3 மோலார் நிறை, B4 குடுவையின் கன அளவு, B6 பிப்பெட் அளவு, B7 வினை விகிதம். பியூரெட்டின் தொடக்க, இறுதி அளவுகள் 11 முதல் 13 வரையுள்ள வரிசைகளில் B, C கட்டங்களில் வரும். தோராயமாகப் பார்க்கும் முதல் முறைக்கு 10ஆம் வரிசை. அது சராசரியில் சேராது.

```
B5:  =B2/B3/B4*1000
D11: =IF(C11="","",C11-B11)
D14: =AVERAGE(D11:D13)
B8:  =B7*B5*B6/D14
```

D11 சூத்திரத்தை 12, 13ஆம் வரிசைகளுக்கும் நகலெடுக்க வேண்டும். அதிலுள்ள IF வீண் அலங்காரம் அல்ல. வெறும் கழித்தலை மட்டும் எழுதி, மாணவர் இரண்டு முறை மட்டுமே டைட்ரேஷன் செய்திருந்தால், மூன்றாவது கட்டத்தில் பூஜ்ஜியம் வரும். சராசரி அதையும் எண்ணிக்கொள்ளும். 20.50 மி.லி. இருமுறை வந்திருந்தும் சராசரி 13.67 என்று காட்டும். செறிவு ஒன்றரை மடங்காகிவிடும்.

B7 கட்டம் தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வகுப்பில் N₁V₁ = N₂V₂ என்று எழுதும்போது வினை விகிதம் நார்மாலிட்டிக்குள்ளேயே மறைந்திருக்கும். தாளில் மோலாரிட்டியை இட்டு அதே சமன்பாட்டைப் பயன்படுத்தினால் விடை சரிபாதியாகிவிடும். ஒரு மூலக்கூறு ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு தேவை. எனவே B7இல் 2. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அதே தாளைப் பயன்படுத்துபவர் அதை 1 ஆக்கினால் போதும். அப்போது B5இல் அந்த அமிலத்தின் செறிவை நேரடியாக இடவேண்டும்.

இப்போது எண்களை இட்டுப் பார்க்கலாம். நீர் மூலக்கூறுகளுடன் கூடிய படிகத்தின் மோலார் நிறை 126.07, எனவே அமிலத்தின் செறிவு 0.0500 மோலார். பியூரெட் அளவுகள் 20.45, 20.50, 20.55 என்றால் சராசரி 20.50. காரத்தின் செறிவு 0.09756.

இத்தனை இலக்கங்களை நம்பலாமா என்பதற்குப் பிழைக் கட்டங்கள் பதில் தரும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்து C கட்டத்தில் அதன் ஐயப்பாடு எழுதப்படும்: தராசுக்கு 0.0002 கிராம், குடுவைக்கு 0.15 மி.லி., பிப்பெட்டுக்கு 0.03 மி.லி. கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையே எழுதுவது நல்லது. பியூரெட்டை இருமுறை படிக்கிறோம், ஒவ்வொன்றிலும் 0.05 மி.லி. தடுமாற்றம் இருந்தால், வித்தியாசத்தில் அது 0.10 ஆகாது, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 0.07. இது D15இல் இடப்படும்.

```
B9: =B8*SQRT((C2/B2)^2+(C4/B4)^2+(C6/B6)^2+(D15/D14)^2)
```

விடை சுமார் 0.0004. ஆகவே எழுதவேண்டியது 0.0976 ± 0.0004 மோலார். இந்தக் கூட்டலில் பியூரெட்டின் பங்குதான் மிகப் பெரிது. தராசின் பங்கு இல்லையென்றே சொல்லலாம். நான்காம் தசம இலக்கம்வரை எடைபோடப் பாடுபட்டுவிட்டுப் பியூரெட்டை அவசரமாகப் படிப்பவருக்கு இந்தத் தாள் நல்ல பாடம்.

ஆனால் B9 எல்லாப் பிழையையும் காட்டாது. நீரற்ற அமிலத்தின் 90.03ஐ B3இல் தவறாக இட்டால் காரத்தின் செறிவு 0.137 ஆகிவிடும், பிழைக் கட்டமோ அப்போதும் அரை விழுக்காட்டுக்குள் அமைதியாக நிற்கும். முடிவுநிலையை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தாண்டிவிடுபவரின் அளவுகளும் ஒத்துப்போகும். தவறு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே மாணவர் கைக்குப் போகுமுன், காகிதத்தில் கணக்கிட்டு விடை தெரிந்த எண்களை ஒருமுறையும், ஒரு வரிசையை வெறுமையாக விட்டு இன்னொரு முறையும் இட்டுச் சோதிக்க வேண்டும்.