வரம்பைத் தாண்டினால் எவ்வளவு நட்டம்?

ஒரு முதலீட்டில் ஒரே நாளில் எவ்வளவு பணம் போகக்கூடும் என்று கணிக்க வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் இரண்டு எண்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்று வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக விஏஆர். பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘விஏஆர் மார்ஜின்’ என்ற பெயரில் இதைப் பார்த்திருப்பார்கள். மற்றொன்று எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால், சுருக்கமாக இஎஸ்.

விஏஆர் ஒரு வரம்பு. 97.5 சதவீத விஏஆர் 27,000 ரூபாய் என்றால், ஆயிரம் நாட்களில் 975 நாட்கள் நட்டம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும் என்று பொருள். மிச்சமுள்ள 25 நாட்களில் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த 25 நாட்களின் சராசரி நட்டம்தான் இஎஸ்.

அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கி 1994இல் ‘ரிஸ்க்மெட்ரிக்ஸ்’ என்ற தன் கணக்கீட்டு முறையை வெளியிட்ட பிறகு விஏஆர் உலகெங்கும் பரவியது. சந்தை ஏற்ற இறக்கங்களைத் தாங்க வங்கிகள் எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதை 99 சதவீத விஏஆரைக் கொண்டு கணக்கிடலாம் என்று வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு 1996இல் அனுமதித்தது. அதே குழு 2016 ஜனவரியில் வெளியிட்ட புதிய விதிகளில் அந்த இடத்தை 97.5 சதவீத இஎஸ்ஸுக்குக் கொடுத்தது. பழைய நாட்களின் விலை விவரங்களை வைத்து இரண்டு எண்களையும் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மாற்றத்தின் காரணம் விளங்கும்.

பழைய நாட்கள், இன்றைய முதலீடு

கடந்த 250 வர்த்தக நாட்களில் சந்தை எப்படி நகர்ந்ததோ, அதே நகர்வு இன்று கையிலுள்ள முதலீட்டின் மீது வந்தால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் வரலாற்று முறை. 250 வர்த்தக நாட்கள் என்பது ஏறக்குறைய ஓராண்டு. ஒவ்வொரு பழைய நாளும் ஒரு சூழல். அன்றைக்கு அந்த முதலீடு எவ்வளவு இருந்தது என்பது தேவையில்லை. அன்றைய சதவீத மாற்றம் மட்டும் போதும்.

பத்து லட்ச ரூபாய் முதலீட்டில் 6 லட்சம் பங்குகளிலும் 4 லட்சம் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது என்று கொள்வோம். பழைய நாள் ஒன்றில் பங்குகள் 3 சதவீதம் இறங்கி, பத்திரங்கள் 0.5 சதவீதம் ஏறியிருந்தால், அந்தச் சூழலில் பங்குகளால் 18,000 ரூபாய் நட்டம், பத்திரங்களால் 2,000 ரூபாய் லாபம். ஆக நிகர நட்டம் 16,000. பங்கும் பத்திரமும் அன்றைக்குச் சேர்ந்து எப்படி நகர்ந்தன என்பதும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் இடையிலான தொடர்பைத் தனியாக அனுமானிக்க வேண்டியதில்லை. இப்படியே 250 நாட்களுக்கும் கணக்கிட்டு, நட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும்.

அப்படி வரிசைப்படுத்திய இரண்டு கற்பனை முதலீடுகளின் முதல் ஏழு இடங்கள் இவை. இரண்டும் பத்து லட்ச ரூபாய் முதலீடுகள்.

| இடம் | முதலீடு அ (ரூ.) | முதலீடு ஆ (ரூ.) |
|---|---|---|
| 1 | 41,000 | 1,24,000 |
| 2 | 36,500 | 78,000 |
| 3 | 33,000 | 46,000 |
| 4 | 31,000 | 34,000 |
| 5 | 29,500 | 30,000 |
| 6 | 28,000 | 28,500 |
| 7 | 27,000 | 27,000 |

250இல் 2.5 சதவீதம் 6.25. எனவே மோசமான நாட்களின் பங்கு, ஆறு முழு நாட்களும் ஏழாவது நாளில் கால் பகுதியும். வரம்பு ஏழாவது இடத்தில் விழுகிறது. ஆகவே 97.5 சதவீத விஏஆர் இரண்டு முதலீடுகளுக்கும் ஒன்றே: 27,000 ரூபாய்.

இஎஸ் கணக்கிட, முதல் ஆறு நட்டங்களை முழுதாகவும் ஏழாவதில் கால் பங்கையும் கூட்டி, 6.25ஆல் வகுக்க வேண்டும். முதலீடு ‘அ’வில் முதல் ஆறின் கூட்டுத்தொகை 1,99,000. அதனுடன் 27,000இல் கால் பங்கான 6,750ஐச் சேர்த்தால் 2,05,750. அதை 6.25ஆல் வகுத்தால் 32,920 ரூபாய். முதலீடு ‘ஆ’வில் கூட்டுத்தொகை 3,47,250, இஎஸ் 55,560 ரூபாய்.

விஏஆரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவையாகத் தெரியும். ஆனால் வரம்பைத் தாண்டும் நாட்களில் ‘ஆ’ இழக்கும் பணம் ‘அ’வைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ‘ஆ’வின் முதல் இடத்தில் 1,24,000க்குப் பதிலாக 5 லட்சம் இருந்தாலும் அதன் விஏஆர் 27,000இலேயே நிற்கும். வரம்புக்கு அப்பால் உள்ள நட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே விஏஆருக்குத் தெரியும், அவற்றின் அளவு தெரியாது.

அந்தக் கால் பங்கை விட்டுவிடுவது நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை. ஆறு நாட்களை மட்டும் சராசரி எடுத்தால் ‘ஆ’வின் இஎஸ் 56,750 என்றும், ஏழு நாட்களையும் முழுதாக எடுத்தால் 52,500 என்றும் வரும். வால்பகுதியில் இருப்பதே ஆறேழு எண்கள் என்பதால், ஒரு நாளைச் சேர்ப்பதும் விடுவதும் விடையை ஆயிரக்கணக்கில் மாற்றிவிடுகிறது.

இரண்டைச் சேர்த்தால் ஆபத்து கூடுமா?

விஏஆரின் இன்னொரு குறையை ஆர்ட்ஸ்னர், டெல்பயன், ஈபர், ஹீத் ஆகிய நால்வர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை முன்னிறுத்தியது. ஆபத்தை அளக்கும் எண் எதுவானாலும், இரண்டு முதலீடுகளைச் சேர்த்து வைத்தால் வரும் ஆபத்து, தனித்தனி ஆபத்துகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வகுத்த நிபந்தனைகளில் ஒன்று. பணத்தைப் பிரித்துப் போடுவது நல்லது என்ற பொது அறிவின் கணித வடிவம் அது. விஏஆர் இந்த நிபந்தனையைச் சில நேரங்களில் மீறுகிறது.

ஒரு கடன் பத்திரம் 250 சூழல்களில் ஐந்தில் மட்டும் 1 லட்ச ரூபாய் நட்டம் தருகிறது, மற்ற நாட்களில் நட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஆகவே விஏஆர் பூஜ்யம். இதே போன்ற இரண்டாவது பத்திரம் வேறு ஐந்து நாட்களில் நட்டம் தருகிறது. அதன் விஏஆரும் பூஜ்யம். இரண்டையும் ஒருவரே வைத்திருந்தால் நட்ட நாட்கள் பத்தாகின்றன. இப்போது ஏழாவது இடத்தில் 1 லட்சம் வந்து நிற்கிறது. பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்து 1 லட்சம் ஆகிவிட்டது.

இஎஸ்ஸில் இது நேராது. ஒரு பத்திரத்தின் இஎஸ், 5 லட்சத்தை 6.25ஆல் வகுத்தால் வரும் 80,000 ரூபாய். இரண்டின் கூட்டுத்தொகை 1,60,000. சேர்த்து வைத்த முதலீட்டின் இஎஸ்ஸோ 1 லட்சம்தான். அபூர்வமாக வந்தாலும் பெரிதாக வரும் நட்டத்தை இஎஸ் முதலிலேயே கணக்கில் எடுத்துவிட்டது. பிரித்துப் போட்டதன் பலனும் அதில் தெரிகிறது. ஒரு வங்கியின் பல பிரிவுகளுக்கும் தனித்தனியே ஆபத்து வரம்பு விதிக்கும்போது இது முக்கியமாகிறது. ஒவ்வொரு பிரிவும் விஏஆர் வரம்புக்குள் இருந்தாலும், வங்கி மொத்தமாக அதைத் தாண்டியிருக்கலாம்.

99 சதவீதத்திலிருந்து 97.5க்கு இறங்கியதற்கும் காரணம் உண்டு. லாப நட்டங்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால், 99 சதவீத விஏஆர் திட்ட விலக்கத்தைப் போல 2.33 மடங்கு, 97.5 சதவீத இஎஸ் 2.34 மடங்கு. சாதாரணப் பரவலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகையைத் தருகின்றன. முதலீடு ‘ஆ’வைப் போல வால்பகுதி கனத்திருந்தால் இஎஸ் பொதுவாகக் கூடுதல் மூலதனத்தைக் கேட்கும்.

இஎஸ்ஸின் பலவீனங்கள்

பெரிய நட்டங்களை உணர்வதுதான் இஎஸ்ஸின் பலம். அதுவே அதன் பலவீனமும். நாட்கள் நகரும்போது 250 நாள் பட்டியலில் புதிய நாள் ஒன்று சேர, பழைய நாள் ஒன்று வெளியேறுகிறது. முதலீடு ‘ஆ’வின் 1,24,000 ரூபாய் நட்ட நாள் அப்படி வெளியேறி, அதற்குப் பதிலாக ஒரு சாதாரண நாள் சேர்கிறது என்று கொள்வோம். மற்ற நட்டங்கள் ஒவ்வோர் இடம் முன்னேற, ஏழாவது இடத்துக்கு 26,500 வருகிறது. விஏஆர் 27,000இலிருந்து 26,500 ஆகிறது. இஎஸ்ஸோ 55,560இலிருந்து 40,020க்குச் சரிந்துவிடுகிறது. முதலீட்டில் எதுவும் மாறவில்லை, சந்தையிலும் எதுவும் நடக்கவில்லை. ஆபத்து கால்வாசிக்கு மேல் குறைந்ததாக அறிக்கை சொல்கிறது.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் வீழ்ந்தது. இந்தியப் பங்குகளுக்கு 250 நாள் பட்டியல் வைத்திருந்த எவருக்கும் அந்த நாள் 2021 மார்ச் இறுதிவாக்கில் கணக்கிலிருந்து மறைந்திருக்கும். இஎஸ் திடீரென்று ஒரே நாளில் இறங்கினால், வெளியேறிய நாள் எது என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். இந்தச் சிக்கலுக்காகவே பாசல் விதிகள் அண்மை ஓராண்டோடு நிற்பதில்லை. குறைந்தது 2007 வரை பின்னோக்கிப் போய், இன்றைய முதலீட்டுக்கு மிகக் கடுமையாக அமையும் 12 மாதங்களைத் தேடி, அதற்கேற்ப இஎஸ்ஸை அளவிடச் சொல்கின்றன.

இரண்டாவது சிக்கல் சரிபார்ப்பில் இருக்கிறது. விஏஆர் சரியா என்று பார்க்க நாட்களை எண்ணினால் போதும். 99 சதவீத விஏஆரை 250 நாட்களில் இரண்டு மூன்று முறை நட்டம் தாண்டுவது எதிர்பார்க்கத்தக்கது. பாசல் முறையில் நான்கு முறை வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. இஎஸ் ஒரு சராசரி. அதைச் சரிபார்க்க, ஆண்டுக்கு ஆறேழு முறை மட்டுமே வரும் நட்டங்களின் அளவையும் ஒப்பிட வேண்டும். அவ்வளவு குறைந்த தரவை வைத்து, கணிப்பு தவறா அல்லது அந்த ஆண்டு மோசமா என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் புதிய விதிகளில் மூலதனத்தை நிர்ணயிப்பது இஎஸ்ஸாக இருந்தாலும், கணக்கீட்டு முறையின் நம்பகத்தை இன்றும் விஏஆர் மீறல்களை எண்ணியே சோதிக்கிறார்கள்.

இரண்டு எண்களுக்கும் பொதுவான எல்லை ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள மிக மோசமான நாளைவிடப் பெரிய நட்டம் எதையும் வரலாற்று முறையால் காட்ட முடியாது. முதலீடு ‘ஆ’வின் இஎஸ் எந்தச் சதவீதத்தில் கணக்கிட்டாலும் 1,24,000ஐத் தாண்டாது. அதற்கு அப்பால் என்ன நேரக்கூடும் என்பதற்கு, இதுவரை நடக்காத வீழ்ச்சிகளைக் கற்பனையாக வகுத்து முதலீட்டின் மீது செலுத்திப் பார்க்கும் அழுத்தச் சோதனைகளைத் தனியாகச் செய்ய வேண்டும்.